தீபாவளி டெலிவரி தாமதம்: மன்னிப்புப் பதிவில் எதை எழுதுவது, எதை எழுதக்கூடாது?

"பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம். தீபாவளியன்று குடும்ப பிரியாணி செட், ஒன்று 60 வெள்ளி, 120 ஆர்டர் எடுத்தோம். 11 மணியிலிருந்து 1 மணிக்குள் வரும் என்று சொல்லியிருந்தோம். மோட்டாரில் நான்கு பையன்கள். 1 மணிக்குள் 40 வீடு, 2 மணிக்குள் இன்னும் 20 வீடு முடிந்தது. 51 வீட்டுக்கு அதற்கப்புறம்தான் போனது, கடைசி வீடு நாலரை மணி. 9 பேருக்குப் போகவே இல்லை. இரண்டு நாளாக எங்கள் கடையின் சமூக ஊடகப் பக்கத்தில் திட்டித் தீர்க்கிறார்கள். 'எதிர்பாராத கூட்டத்தாலும் தவிர்க்க முடியாத காரணங்களாலும் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு பதிவு எழுதி வைத்திருக்கிறேன். இது போதுமா?"

போதாது. சுருக்கமாக இருப்பது குறையில்லை. நீங்கள் சொல்லும் காரணம் உங்கள் கணக்குக்கே ஒத்து வரவில்லை என்பதுதான் குறை.

ஒரு பையனின் பையில் குடும்ப செட் ஐந்துக்கு மேல் நிற்காது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து செந்தூல் பக்கமோ கெப்போங் பக்கமோ செராஸ் பக்கமோ ஒரு சுற்று போய், வீடு தேடி, காவலரிடம் பெயர் எழுதிவிட்டு மாடி ஏறி இறங்கித் திரும்ப ஒரு மணி நேரம் பிடிக்கும். தீபாவளியன்று இன்னும் இழுக்கும். ஆக நான்கு பையன்கள் ஒரு மணி நேரத்தில் 20 வீடு முடிப்பார்கள், இரண்டு மணி நேரத்தில் 40. உங்கள் கதையிலும் சரியாக 40தான் முடிந்திருக்கிறது. அதாவது அன்று எதுவும் தவறாகப் போகவில்லை. பையன்கள் அவர்களால் முடிந்த வேகத்தில்தான் ஓடியிருக்கிறார்கள். 41ஆவது ஆர்டருக்கு "சரி அக்கா, 1 மணிக்குள் வந்துவிடும்" என்று சொன்ன நிமிடத்திலேயே தாமதம் முடிவாகிவிட்டது. 120ஐயும் 20 ஆல் வகுத்தால் ஆறு மணி நேரம், 11 மணிக்குத் தொடங்கினால் மாலை 5 மணி.

கூட்டமும் எதிர்பாராதது இல்லை. அந்த 120 பேரும் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து, பணமும் கட்டியவர்கள். தீபாவளி எந்த நாளில் வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சில கடைகள் மழையைக் காரணம் சொல்லும். அக்டோபர், நவம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் மழை பெய்யாமல் இருந்தால்தான் அதிசயம். இதெல்லாம் வாடிக்கையாளருக்கும் தெரியும் என்பதால்தான் "எதிர்பாராத" என்று தொடங்கும் பதிவுக்குக் கீழே கோபம் கூடுகிறதே தவிர இறங்குவதில்லை. அவர்கள் உங்கள் வாயால் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று: எங்களால் கொண்டுபோகக்கூடிய அளவைவிட மூன்று மடங்கு ஆர்டர் எடுத்துவிட்டோம். இதை நீங்களே சொல்லிவிட்டால் அதற்கு மேல் கண்டுபிடித்துச் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

பதிவுக்குப் போகும் முன் இன்னொரு விஷயம். தாமதம் பற்றி எழுதும் கடைகள் பெரும்பாலும் தொடாத விஷயம் இது. சாப்பாட்டை எத்தனை மணிக்குக் கட்டினீர்கள்? பெருநாள் ஆர்டர் என்றால் காலை 10 மணிக்கெல்லாம் மொத்தமாகக் கட்டி வரிசையாக அடுக்கிவிடுவதுதான் வழக்கம், நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பச் சொல்லிவரும் அறிவுரை. 5 பாகைக்கும் 60 பாகை செல்சியஸுக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். மூடிய பெட்டியில் இருக்கும் பிரியாணியும் மட்டன் பிரட்டலும் கொஞ்ச நேரத்திலேயே அந்த வெப்பத்துக்கு இறங்கி, அங்கேயே மணிக்கணக்கில் நிற்கும். 10 மணிக்குக் கட்டியதற்கு 2 மணிதான் எல்லை. உங்கள் 51 வீடுகளும் அந்த எல்லையைத் தாண்டியவை.

சோற்றில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வேகும் சூட்டிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அதில் வாந்தியைக் கொண்டுவரும் வகை, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஊசிப்போன வாடை வந்தால்தான் கெட்டது என்று நம் வீடுகளில் நினைப்போம், ஆனால் இது வாடை இல்லாமலும் இருக்கும். அதனால் தாமதமான அன்றே, 2 மணி ஆனவுடன், பையன்களை நிறுத்திவிட்டு மிச்சமிருந்த வீடுகளுக்குப் போன் செய்து "பணத்தைத் திருப்பித் தருகிறோம், சாப்பாடு வராது" என்று சொல்லியிருந்தால் அதுவே சரியான டெலிவரி. அந்த நேரம் போய்விட்டது. இப்போது செய்ய வேண்டியது, அந்த 51 வீடுகளிலும் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்பது. அரிசிக் கிருமியின் வேலை ஒரு நாளுக்குள் தெரிந்துவிடும். சால்மொனெல்லா போன்றவை இரண்டு மூன்று நாள் கழித்தும் காட்டும், ஆகவே இன்னும் கேட்பது வீண் இல்லை. யாராவது ஆம் என்றால் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள், செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். நச்சுணவு, மருத்துவர்கள் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. உங்கள் கடைப் பெயர் அப்படி அங்கே போவதைவிட, நீங்களே முதலில் கேட்டீர்கள் என்பது பதிவாகியிருப்பது மேல்.

இதே நான்கு மணிக் கணக்குதான் பணம் எவ்வளவு என்பதையும் முடிவு செய்கிறது. பாதிப் பணம் கொடுக்கலாமா, அடுத்த முறைக்கு 10 வெள்ளி கழிவு கொடுக்கலாமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். 2 மணிக்குப் பிறகு வந்த சாப்பாட்டுக்கு என் பார்வையில் முழுப் பணமும் போக வேண்டும், ஏனென்றால் சாப்பிடக்கூடாத நிலையில் வந்த பொருளுக்கு விலை கிடையாது. சிலர் சாப்பிட்டிருப்பார்கள், அதைக் கேட்காதீர்கள். படம் அனுப்பு, ரசீது காட்டு என்றும் கேட்காதீர்கள். ஆர்டர் பட்டியல் உங்களிடம்தானே இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். போகாத 9 செட்டுக்கு 540 வெள்ளி. 51 செட்டுக்கு 3,060. 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் வந்த 20 வீடுகளுக்குச் சாப்பாடு நல்ல நிலையில்தான் போனது, அவர்களுக்கு டெலிவரிக்கு வைத்த தொகையை, 8 வெள்ளி என்று வைத்தால் 160 வெள்ளியை, திருப்பினால் போதும். மொத்தம் 3,760. அன்றைய விற்பனை 7,200. பாதிக்கு மேல் போகிறது, மட்டன் விலையைக் கழித்தால் அன்று நஷ்டம்தான். கசக்கும். ஒரே நாளில் கொடுக்கக் கையில் இல்லை என்றால் 9 பேருக்கு இன்றே கொடுத்துவிட்டு மற்றவர்களுக்கு ஒரு தேதி சொல்லுங்கள். செய்ய முடியாத தேதியை மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1 மணி என்று சொல்லி ஒருமுறை ஏமாற்றியாயிற்று, வெள்ளிக்கிழமை என்று சொல்லி இன்னொரு முறை ஏமாற்றினால் கடையை மூட வேண்டியதுதான்.

பற்றுச்சீட்டு, கழிவு இவற்றை முதலில் நீட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் வெறும் முறுக்குத் தட்டோடு நின்றவருக்கு "எங்களிடம் மறுபடியும் வாங்குங்கள், குறைத்துத் தருகிறோம்" என்பது எப்படிக் கேட்கும்? பணம் போய்ச் சேர்ந்த பிறகு, விருப்பம் இருப்பவர்களுக்குத் தனியாகக் கொடுக்கலாம்.

அப்புறம் வரிசை. பொதுப் பதிவு கடைசியில்தான் வர வேண்டும். 9 பேருக்கும் கடை உரிமையாளர் தானே போன் செய்ய வேண்டும், மகனையோ கல்லாவில் இருக்கும் தங்கச்சியையோ விடக்கூடாது. 51 பேருக்கும் வாட்ஸ்அப்பில் பெயர் போட்டுத் தனித்தனியாகச் செய்தி, அதிலேயே உடம்பு எப்படி இருக்கிறது என்ற கேள்வியும் பணம் எப்போது வரும் என்பதும். 20 பேருக்கு இரண்டு வரி. இதெல்லாம் முடிந்த பிறகு பதிவு. பாதிக்கப்பட்டவர் தன் விஷயத்தை ஊரோடு சேர்ந்து பக்கத்தில் படித்துத் தெரிந்துகொண்டால், மன்னிப்பு தன்னிடம் கேட்கப்பட்டதாக அவருக்குத் தோன்றாது, வியாபாரத்துக்காகக் கேட்டதாகத்தான் தோன்றும். தனியாகப் பேசிய பிறகு பதிவு போட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. "எனக்குக் காலையிலேயே கூப்பிட்டுப் பேசினார்கள்" என்று அவர்களில் யாராவது ஒருவர் கீழே எழுதுவார். அந்த ஒரு வரியை நீங்கள் எழுதிக்கொள்ள முடியாது.

பதிவை இப்படி எழுதலாம். உங்கள் பேச்சுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

"தீபாவளியன்று எங்களிடம் 120 குடும்பங்கள் பிரியாணி சொல்லியிருந்தீர்கள். 1 மணிக்குள் வரும் என்று சொன்னோம். 40 வீடுகளுக்கு மட்டுமே அந்த நேரத்தில் கொடுத்தோம். 20 வீடுகளுக்கு ஒரு மணி நேரம் வரை தாமதம். 51 வீடுகளுக்கு 2 மணிக்கு மேல் ஆனது. 9 வீடுகளுக்குக் கொடுக்கவே இல்லை.

எங்களிடம் இருந்த ஆட்களுக்கு 40 ஆர்டர்தான் நேரத்தில் முடியும். அதைக் கணக்குப் பார்க்காமல் 120 எடுத்தது எங்கள் தவறு. உங்கள் வீட்டுக்கு வந்த பையன்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. பலர் போன் செய்தபோது நாங்கள் எடுக்கவில்லை, அதற்கும் மன்னிப்புக் கேட்கிறோம்.

2 மணிக்குப் பிறகு சாப்பாடு வந்தவர்களுக்கும், வராதவர்களுக்கும் முழுப் பணம் 60 வெள்ளி. 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் வந்தவர்களுக்கு டெலிவரிப் பணம் 8 வெள்ளி. வராத 9 பேருக்கு நேற்றே அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்கு வரும் வெள்ளிக்கிழமைக்குள், நீங்கள் பணம் கட்டிய அதே கணக்குக்கு வரும். 2 மணிக்குப் பிறகு வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் உடனே கடை எண்ணுக்குக் கூப்பிடுங்கள், மருத்துவச் செலவு எங்களுடையது.

இனி பெருநாள் ஆர்டர் ஒரு மணி நேரத்துக்கு 20 மட்டும். அந்த நேரம் நிரம்பிவிட்டால் அடுத்த நேரம்தான் கிடைக்கும், அல்லது கடையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்."

இதில் எண்கள் முதலில் வருவதைக் கவனியுங்கள். "சிலருக்குத் தாமதமானது" என்று எழுதினால் படிப்பவர் தான் அந்தச் சிலரில் ஒருவரா என்று தேட வேண்டும், மற்றவர்கள் நூறு பேரா ஐந்நூறு பேரா என்று ஊகிப்பார்கள். 51 என்று போட்டால் ஊகம் நின்றுவிடும். "மன்னித்து மீண்டும் ஆதரவு தாருங்கள்" என்ற வரியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னிப்பின் பகுதிகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கட்டுரையில், பொறுப்பேற்பதுதான் அதிகம் எடுபடுகிறது, அடுத்தது சரிசெய்து தருவதாகச் சொல்வது, மன்னிக்கும்படி கேட்பதுதான் மிகக் குறைவாக எடுபடுகிறது என்று வந்தது. ஆய்வு இல்லாவிட்டாலும் நம் ஆட்களைப் பார்த்தாலே தெரியும். கோபமாக இருக்கும் பெரியம்மாவிடம் "மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க" என்று அழுத்தினால் என்ன நடக்கும்?

பையன்களைப் பற்றிய வரியையும் எடுத்துவிடாதீர்கள். வீட்டு வாசலில் திட்டு வாங்கியவர்கள் அவர்கள். அதிலும் நம் பையன்கள் என்றால் தங்கள் வீட்டுத் தீபாவளியை விட்டுவிட்டு ஓடியவர்கள். அவர்கள் மேல் பழியைப் போடும் பதிவு ஒன்று போதும், அடுத்த வருஷம் தீபாவளிக்கு மோட்டார் எடுக்க ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். வெளி டெலிவரி நிறுவனத்தை வைத்திருந்தாலும் இதே கதைதான், வாடிக்கையாளர் பணம் கட்டியது உங்களிடம்.

உங்கள் ஆர்டரில் மலாய், சீன வாடிக்கையாளர்களும் இருந்திருப்பார்கள், அலுவலக நண்பர்களைத் திறந்த இல்ல உபசரிப்புக்கு அழைக்கும் வீடுகளும் உண்டு. மலாயிலும் அதே பதிவைப் போடுங்கள், தொகையும் தேதியும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். தமிழில் முழுப் பணம் என்றும் மலாயில் வெறும் வருத்தம் என்றும் போட்ட கடையைப் பார்த்திருக்கிறேன். அது படம் பிடித்துச் சுற்றியது.

பணம் திருப்பித் தருகிறோம் என்ற பதிவு போட்டவுடன் மோசடிக்காரர்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு வருவார்கள். உங்கள் கடைப் பெயரிலேயே போலிக் கணக்கு தொடங்கி, கீழே கருத்து எழுதியவர்களுக்கெல்லாம் "பணம் அனுப்ப உங்கள் வங்கி விவரம் தாருங்கள்" என்று செய்தி போகும். அதனால்தான் "பணம் கட்டிய அதே கணக்குக்கு வரும்" என்று எழுதியிருக்கிறேன். பதிவின் முதல் கருத்தாக "டேக் எண்ணோ வங்கிக் கடவுச்சொல்லோ நாங்கள் கேட்க மாட்டோம், ஆர்டர் எண்ணையும் கைப்பேசி எண்ணையும் இங்கே எழுதாதீர்கள்" என்று நீங்களே போட்டு மேலே நிறுத்துங்கள். கோபத்தில் வாடிக்கையாளர் வீட்டு முகவரியோடு உரையாடல் படத்தை நீங்கள் பதிலுக்குப் போடவும் கூடாது.

கருத்துகளில் வாதம் வேண்டாம். "எங்கள் கணக்கில் உங்களுக்கு 1:52க்குக் கொடுத்ததாக இருக்கிறது" என்று திருத்தினால் நீங்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் தோற்றீர்கள். அதைத் தனிச் செய்தியில் பாருங்கள். எட்டு வெள்ளியா அறுபது வெள்ளியா என்ற சந்தேகம் வந்தால் பெரிய தொகையைக் கொடுத்து முடித்துவிடுங்கள். திட்டும் கருத்துகளை நீக்காதீர்கள், மிரட்டலும் இனத்தைத் தொடும் பேச்சும் மட்டும் போகட்டும்.

பணம் கொடுக்காமல் பதிவோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று யாராவது உங்களுக்கு யோசனை சொன்னால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நினைவுபடுத்துங்கள். வழக்கறிஞர் இல்லாமல், 5 வெள்ளிக் கட்டணத்தில் யாரும் மனுப் போடலாம். 60 வெள்ளிக்கு எவர் போவார் என்று தோன்றும். விருந்து கெட்டுப்போன கோபத்தில் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஒருவர் போனால் நீங்கள் கடையை அடைத்துவிட்டு விசாரணைக்கு அலைய வேண்டும்.

பதிவு போட்டவுடன் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவது இங்கே நிறையக் கடைகள் செய்வது. வெள்ளிக்கிழமை மாலை இரண்டாவது பதிவு ஒன்று போடுங்கள், மூன்று வரி போதும்: 60 பேரில் 58 பேருக்கு முழுப் பணம் அனுப்பிவிட்டோம், 20 பேருக்கு டெலிவரிப் பணம் போய்விட்டது, இருவர் ரொக்கமாகக் கட்டியிருந்ததால் கணக்கு எண் இல்லை, அவர்கள் கடைக்கு வந்தாலோ கூப்பிட்டாலோ பணம் தயாராக இருக்கிறது. எண்களை உங்கள் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். அந்த இருவரின் பணத்தை உறையில் போட்டு, பெயர் எழுதி, கல்லாவில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள். அவர்கள் வரும்போது நீங்கள் கடையில் இல்லாமல் போகலாம்.